ஊட்டியில் கொண்டைக்கடலை சுண்டல்: தோல் உரிந்து வருகிறது, உள்ளே நறநற. எங்கே தப்பு?

மதுரைப்பொண்ணு:
வணக்கம். மதுரையில் இருந்து மாற்றலாகி இப்போது ஊட்டியில் இருக்கிறோம். வீட்டில் கொலு வைத்திருக்கிறோம், தினமும் சாயங்காலம் அக்கம்பக்கத்தார் வருகிறார்கள், சுண்டல் கொடுக்க வேண்டும். வெள்ளைக் கொண்டைக்கடலை ஒரு டம்ளர் இரவு படுக்கும்போது ஊறவைத்து, காலையில் குக்கரில் பெரிய தீயில் ஐந்து விசில் விடுகிறேன். மதுரையில் இதே குக்கரில் இதே அளவில் பூ மாதிரி வெந்துவிடும். இங்கே தோல் கழன்று வருகிறது, ஆனால் கடித்தால் நடுவில் மாவு மாதிரி நறநறவென்று இருக்கிறது. இன்னும் மூன்று விசில் விட்டுப் பார்த்தால் சில கடலை குழைகிறது, சில அப்படியே இருக்கிறது. தண்ணீர் காரணமா, கடலை காரணமா, குளிர் காரணமா? தாளிப்பு, தேங்காய் எல்லாம் சரியாகத்தான் வருகிறது, கடலைதான் பிரச்சினை.

சமையல்பிரியன்:
இரண்டு விஷயம். ஒன்று, வேகும்போது உப்பு போடாதீர்கள், உப்பு போட்டால் கடலை இறுகிவிடும், தாளிக்கும்போது போட்டால் போதும். இரண்டு, ஊறவைக்கும்போதே கால் ஸ்பூன் சமையல் சோடா போடுங்கள், எந்த ஊராக இருந்தாலும் வெந்துவிடும்.

கோத்தகிரி அம்மா:
பட்டாணிக்கு எதுக்கு ஊறப்போடுறீங்க? இங்கே பச்சைப் பட்டாணி உரித்து இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு வடித்தாலே சுண்டலுக்குத் தயார். ஒரு விசில் விட்டால்கூடக் கூழாகிவிடும். இஞ்சி, பச்சைமிளகாய் தாளித்துப் போடுங்கள், அருமையாக இருக்கும்.

மதுரைப்பொண்ணு:
கோத்தகிரி அம்மா, நன்றி, ஆனால் நான் கேட்டது காய்ந்த கொண்டைக்கடலை. பட்டாணி இன்னொரு நாள் செய்து பார்க்கிறேன்.

குன்னூர் கிச்சன்:
இங்கே ஒரு மெஸ்ஸில் சமையல் பார்க்கிறேன். மலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விதான் இது, எல்லோரும் குக்கர் மேலேயே சந்தேகப்படுவார்கள். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது ஊறியதா என்பதை.

நாளைக் காலையில் வேகவைக்கும் முன் ஊறிய கடலையில் நாலைந்தை எடுத்துக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். முழுக்க ஒரே நிறமாக, ஈரமாக இருந்தால் ஊறியிருக்கிறது. நடுவில் வெளுத்து, உலர்ந்த புள்ளி மாதிரி தெரிந்தால் தண்ணீர் உள்ளே போகவில்லை. மதுரைக் குழாய்த் தண்ணீர் இரவிலும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், எட்டு மணி நேரம் தாராளம். ஊட்டியில் குளிர்ந்த தண்ணீரில் கடலை உறிஞ்சுவது ரொம்ப மெதுவாக நடக்கும், அதே எட்டு மணி நேரம் போதாது. நடுப்பகுதி உலர்ந்தபடியே குக்கருக்குள் போனால் வெளிப்பக்கம் முதலில் வெந்து தோல் கழலும், உள்ளே நீங்கள் சொன்ன அந்த நறநறப்பு நிற்கும்.

அதனால் நன்றாகக் கொதித்த தண்ணீரை ஊற்றி ஹாட்பேக்கில் மூடி வையுங்கள், நாலைந்து மணி நேரத்தில் ஊறிவிடும். அதற்கு மேல் வெதுவெதுப்பிலேயே விட்டால் நுரைத்துப் புளித்த வாடை வரும், அதைக் கவனிக்க வேண்டும். நாலு மணி சுண்டலுக்குக் காலை ஒன்பதுக்கு ஊறவைத்தால்கூடப் போதும்.

அடுத்தது குக்கர். ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரம், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதில் கடலை வேக ரொம்ப நேரம் பிடிக்கும். குக்கரும் வெளிக்காற்றை விட இவ்வளவு அழுத்தம் கூடுதல் என்ற கணக்கில்தான் விசில் அடிக்கும். வெளிக்காற்றே இங்கே மெல்லியது, அதனால் உள்ளே இருக்கும் சூடும் மதுரையில் இருப்பதைவிட நாலு டிகிரி போலக் குறைவு. விசில் எண்ணிக்கை அதைச் சொல்லாது. பெரிய தீயில் ஐந்து விசில் சட்டென்று போய்விடும், கடலை வேக நேரம் கிடைக்காது. முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்து 20 முதல் 25 நிமிடம், அப்புறம் அடுப்பை அணைத்து ஆவி தானாக அடங்கட்டும். கருப்புக் கடலைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். காய்ந்த வெள்ளைப் பட்டாணிக்கு இதில் பாதி நேரம்கூட வேண்டாம்.

சமையல்பிரியன்:
சரி, ஆனால் உப்பு? என் பாட்டி காலத்தில் இருந்து சொல்வது.

குன்னூர் கிச்சன்:
பாட்டி சொன்னதில் பாதி உண்மை. கடலையை இறுக்குவது புளிப்பு. எலுமிச்சை, மாங்காய், புளித் தண்ணீர் எதுவும் வெந்த பிறகுதான். தண்ணீர் கடினமாக இருந்தாலும் இறுகும். உப்பு அப்படியில்லை, ஒரு லிட்டர் ஊறவைக்கும் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் உப்பு போட்டால் தோல் மிருதுவாகும், உள்ளேயும் உப்பு பிடிக்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேகும்போது அளவாகக் கொஞ்சம் போடுங்கள். சோடாவில் வேகும், நான் மறுக்கவில்லை, ஆனால் கால் ஸ்பூன் ரொம்ப அதிகம், தோல் எல்லாம் கழன்று சோப்பு வாடை அடிக்கும். சுண்டலில் கடலை முழுசாக நிற்க வேண்டும்.

சமையல்பிரியன்:
ஒரு சிட்டிகை போட்டால் வாடை வராது, நான் வருஷக்கணக்காகப் போடுகிறேன்.

கொடைக்கானல் மலர்:
இடையில் என் சந்தேகமும். எனக்குக் கடலை நன்றாக வேகிறது, ஆனால் தாளித்துத் தேங்காய் போட்டு அரை மணி நேரத்தில் சுண்டல் மேல் வெள்ளை வெள்ளையாகத் திட்டு வருகிறது. தேங்காய் கெட்டுவிட்டதா என்று பயந்து ஒரு நாள் மொத்தத்தையும் கொட்டிவிட்டார் மாமியார்.

குன்னூர் கிச்சன்:
தேங்காய் எண்ணெயில் தாளிக்கிறீர்களா? அது 24 டிகிரிக்குக் கீழே உறையும், கொடைக்கானலில் சாயங்காலம் சுண்டல் ஆறினால் உறையத்தான் செய்யும். கெட்டுப்போனது இல்லை, கொட்ட வேண்டாம். நல்லெண்ணெயிலோ கடலெண்ணெயிலோ தாளியுங்கள். கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை, இதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும். கடலையை நன்றாக வடித்துவிட்டுச் சேர்க்க வேண்டும், தண்ணீர் இருந்தால் தேங்காய் சொதசொதவென்று ஆகும். தேங்காய்த் துருவலை அடுப்பை அணைத்த பிறகு போட்டுக் கிளறுங்கள், நெருப்பில் வதக்க வேண்டாம். வடித்த தண்ணீரை ரசத்தில் ஊற்றலாம்.

கொடைக்கானல் மலர்:
தேங்காய் எண்ணெய்தான் அண்ணா! மாமியாரிடம் காட்டுகிறேன்.

மதுரைப்பொண்ணு:
வெட்டிப் பார்த்தேன். குளிர்ந்த தண்ணீரில் ஊறியதில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் நடுவில் வெள்ளைப் புள்ளி. கொதிநீர் ஊற்றி ஹாட்பேக்கில் வைத்ததில் புள்ளி இல்லை. சிம்மில் 22 நிமிடம் வைத்தேன், பெரும்பாலும் மெத்தென்று வெந்துவிட்டது, தோலும் கழலவில்லை. ஆனால் ஒரு கைப்பிடி இன்னும் கடினமாகவே இருக்கிறது. அதில் சில ஊறவே இல்லை, கல் மாதிரி அப்படியே சின்னதாக இருந்தது, மற்றவை உப்பியும் வேகவில்லை.

குன்னூர் கிச்சன்:
சின்னதாகவே இருந்தவை கல் கடலை, தோல் வழியாகத் தண்ணீர் போகாது, ஊறிய பிறகு பொறுக்கி எடுத்துவிடுங்கள். உப்பியும் வேகாதவை பழைய சரக்காக இருக்கலாம், ரொம்ப நாள் சூட்டில், ஈரத்தில் மூட்டையில் கிடந்த கடலை அப்படி ஆகும், எவ்வளவு ஊறவைத்தாலும் தீராது. வேறு கடையில் கொஞ்சமாக வாங்கி இதே முறையில் வைத்துப் பாருங்கள். அதிலும் கடினமாக நின்றால் அப்புறம் தண்ணீரைப் பார்க்கலாம்.

சமையல்பிரியன்:
அந்தக் கைப்பிடிக்கு மட்டும் ஒரு சிட்டிகை சோடா போட்டுப் பாருங்களேன்.

மதுரைப்பொண்ணு:
நாளைக்கு இரண்டு கடையில் தனித்தனியாகக் கால் கிலோ வாங்கப் போகிறேன். மிச்சமான பழைய கடலையில் சோடாவும் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.