கணக்குக் கேட்டதுக்குக் குரங்குப் படம்: பதிலா, நக்கலா?

கல்லடிக்காரன்: எங்கட விளையாட்டுக் கழகத்து வட்ஸ்அப் குழுவில், போன மாதப் போட்டிக்குச் சேர்த்த காசுக்கு என்ன கணக்கு என்று கேட்டேன். பொருளாளர் அண்ணன் ஒரு சொல் எழுதவில்லை. கண்ணை ஓரமாகத் திருப்பும் அந்தக் குரங்குப் பொம்மை ஸ்டிக்கரைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். இது பதிலா, நக்கலா?

கழுதாவளையான்: நக்கலேதான் மச்சான். காசைக் கேட்டால் சிட்டையைக் காட்ட வேண்டும். அந்தக் குரங்கு ஜப்பான்காரருடையது, "கெட்டதைப் பார்க்காதே" என்று சொல்லும் மூன்றில் ஒன்று. உன் கேள்வியே கெட்டது என்கிறார்.

வாவிக்கரை: ஜப்பான் சரி, மிச்சம் பிழை. நிக்கோ ஊர்க் கோயிலில் செதுக்கியிருக்கும் மூன்று குரங்குகளும் கையால் கண்ணையும் காதையும் வாயையும் பொத்திக்கொண்டிருக்கும். இது என்எச்கே தொலைக்காட்சியின் பழைய சிறுவர் நிகழ்ச்சியில் வந்த கைப்பொம்மை. அதை ஸ்பானிய மொழியிலும் மாற்றிப் போட்டார்கள், அங்கே இதற்குப் பெயர் பெத்ரோ. மீமாகப் பரவியதும் அந்த மொழிக்காரரிடமிருந்துதான்.

இந்தக் குரங்கு எதையும் பொத்தவில்லை என்பதைப் பாருங்கள். முழு மீமில் இரண்டு படம் இருக்கும். தலை அப்படியே இருக்கும், கண்மணி மட்டும் இடம் மாறும். அது பார்த்துவிட்டது, பார்த்ததை நாமும் பார்த்துவிட்டோம். சிரிப்பு அங்கேதான். அதனால் பெரும்பாலும் ஆட்கள் தங்களையே குரங்காக்கி எழுதுவார்கள்: "நீல டிக் விழுந்த பிறகு 'இப்பதான் பார்த்தேன்' என்று சொல்லும் நான்". அந்த "நான்" இருந்தால் அது அரைவாசி ஒப்புதல். "நீ" என்று போட்டால் குற்றச்சாட்டு.

கழுதாவளையான்: பொருளாளர் "நான்" என்று எழுதினாரா?

வாவிக்கரை: ஸ்டிக்கரில் எழுத்து ஏது? இரண்டு படத்தில் ஒன்றும் போய்விட்டது, தலைப்பும் போய்விட்டது. வடிவேலு படம் என்றால் கூடவே வசனம் ஞாபகத்துக்கு வரும், அவர் யாருக்குச் சொல்கிறார் என்று விளங்கும். பெத்ரோவுக்கு நம்மிடம் வசனமே இல்லை. பார்க்கிறவர் தன் மனதில் இருப்பதை அதன் வாயில் வைத்துவிடுகிறார். கல்லடித் தம்பி கோபத்தில் பார்த்தார், நக்கல் தெரிந்தது. அண்ணன் "ஐயோ, மாட்டிக்கொண்டேன்" என்ற நினைப்பில் அனுப்பியிருக்கலாம்.

அக்கரைப்பற்று உம்மா: இது எங்கட வீட்டிலயும் நடக்குது தம்பி. மகனிடம் தவணைப் பரீட்சைப் புள்ளி என்ன என்று கேட்டால் இந்தக் குரங்குதான் வரும். கணக்குப் பாடம் கவிழ்ந்துவிட்டது என்று எனக்கு உடனே விளங்கிவிடும். நான் அதைப் பதிலாகத்தான் எடுக்கிறேன். பொய் சொல்கிறதை விட நல்லம்தானே?

கழுதாவளையான்: உங்கட மகன் உங்களுக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டியவர். அண்ணன் ஊர்க் காசுக்குப் பொறுப்பு. வெட்கப்பட்டு அனுப்பினாலும் கணக்கு வரவில்லைதானே. குழுவில் பத்துப் பேர் சிரிப்பு எமோஜி போட்டிருப்பார்கள், கேள்வி அதோடு அடங்கியிருக்கும்.

கல்லடிக்காரன்: ஓம், அதுதான் நடந்தது. சிரித்தவர்களில் இரண்டு பேர் காசு குடுத்தவர்கள்!

வாவிக்கரை: அந்த இடத்தில் கழுதாவளையார் சொல்வது சரி. மனிசன் என்ன நினைத்து அனுப்பினாலும், சிரிப்பு வந்ததும் கேள்வி கேட்டவர்தான் கடுகடுப்பானவர் ஆகிறார். ஆனால் ஒன்று கேட்கிறேன். அவர் உங்கள் செய்தியை இழுத்துப் பிடித்து, அதற்குப் பதிலாகப் போட்டாரா? அல்லது சும்மா கீழே விட்டாரா?

கல்லடிக்காரன்: சும்மாதான். இடையில் வேறொருவர் தன் மாமாவின் மரண அறிவித்தலைப் போட்டிருந்தார். குரங்கு அதற்கு நேர் கீழே விழுந்தது. அந்த வீட்டுக்காரர் குழுவை விட்டே போய்விட்டார்.

வாவிக்கரை: அட கடவுளே, இதை முதலில் சொல்ல வேண்டாமா! வாய் இல்லாத படம் தனக்கு மேலே இருப்பதைப் பார்த்துத்தான் முழிக்கும். உங்கள் கேள்விக்கு என்று நீங்கள் நினைக்கிறீர்கள், சாவு வீட்டார் தங்களுக்கு என்று நினைக்கிறார்கள். மறுகா கணக்கைப் பேசலாம், முதலில் அதை எல்லாருக்கும் அழிக்கச் சொல்லுங்கள். அனுப்பியவர் இரண்டரை நாளுக்குள் அழிக்கலாம். தாண்டிவிட்டால் போனவரின் வீட்டுக்கு நேரே போய்ச் சொல்வதுதான் வழி.

கழுதாவளையான்: அழித்தால் பொருளாளருக்குத்தான் லாபம். கேட்ட கேள்விக்கு இப்படித்தான் பதில் வந்தது என்பதற்கு ஆதாரம் இருக்காது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை மச்சான்.

அக்கரைப்பற்று உம்மா: மௌத்து வீட்டுக்காரரை விட ஆதாரமா பெரிசு?

கழுதாவளையான்: நான் அப்படிச் சொல்லவில்லை தாத்தா. இரண்டையும் செய்யலாம்.

வாவிக்கரை: அண்ணன் அழிக்கவில்லை என்றால் குழு அட்மினிடம் கேளுங்கள், அவராலும் எல்லாருக்கும் அழிக்க முடியும். அப்படியே கேள்வியை இன்னொரு தரம், தனியாக, தொகையையும் திகதியையும் எழுதிக் கேளுங்கள். "கணக்கு என்ன" என்று பொதுவாகக் கேட்டால் குரங்குக்கு இடம் இருக்கும்.

கல்லடிக்காரன்: அட்மினும் அவர்தான்.