பேனரில் உடைந்த ‘அன்போடு’

மலையடிவாரம்

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகிற வழியில் நாங்கள் பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து வருடா வருடம் பந்தல் போடுவோம். போன தடவை பேனர் வேலை என் தலையில் விழுந்தது. பத்தடிக்கு நாலடி. மேலே பெரிதாக “தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல்”, கீழே “பக்தர்களை அன்போடு வரவேற்கிறோம்”, அதற்கும் கீழே மலாயில் ஒரு வரி. வாசகத்தை வாட்சாப்பில் கடைக்கு அனுப்பிவிட்டேன். அங்கே வேலை செய்யும் சீனத் தம்பி தங்கமான பையன், ஆனால் தமிழ் படிக்கத் தெரியாது.

அவன் திருப்பி அனுப்பிய படத்தைப் பார்த்து ஆடிப்போய்விட்டேன். “தை”யில் இணைக்கொம்பு தகரத்துக்கு முன்னால் இல்லை. பின்னால் போய், அடுத்த “ப்” உடன் ஒட்டி நின்றது. “பூ” சேரவே இல்லை, பகரம் ஒரு பக்கம், சுழி ஒரு பக்கம். “அன்போடு” என்பதில் பகரத்துக்கு அப்புறம் இரட்டைக் கொம்பு, நடுவில் ஒரு புள்ளி வட்டம், அதன் பிறகு கால். “வரவேற்கிறோம்” இன்னும் மோசம். கொம்பு வகரத்தை விட்டுவிட்டு றகரத்தைப் பிடித்துக்கொண்டது.

தம்பி நாலு எழுத்துரு மாற்றிப் பார்த்தான். நாலிலும் அதே கதை. “அக்கா, உங்க பாஷைக்கு நல்ல ஃபான்ட் கொடுங்க” என்று மலாயில் எழுதினான். கடைசியில் என் கைபேசியிலேயே எழுதி, படமாக்கி அனுப்பினேன். பத்தடிக்கு இழுத்ததும் ஓரமெல்லாம் மங்கி வந்தது. மோர் குடிக்க வந்தவர்கள் யாரும் குறை சொல்லவில்லை, எனக்குத்தான் உறுத்தல். தலைப்புக்கும் சின்ன எழுத்துக்கும் எந்த எழுத்துரு நம்பகமானது? பட்டவர்கள் சொல்லுங்கள்.

நாசிகண்டார் பிரியன்

அக்கா, அது பழைய ஃபான்டாக இருக்கும். யூனிகோட் ஃபான்ட் போட்டால் எல்லாம் சரியாகிவிடும். அப்புறம் கோப்பை கர்வ்ஸாக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். என் அண்ணன் கல்யாண அழைப்பிதழுக்கு அப்படித்தான் செய்தோம், ஒரு எழுத்துகூட நகரவில்லை.

செந்தூல் அச்சு

தம்பி சொல்வதில் பாதி சரி. கர்வ்ஸாக மாற்றினால் எழுத்து வெறும் கோடாகிவிடும், அதனால் வேறு கணினியில் திறந்தாலும் மாறாது. உங்கள் அண்ணன் அழைப்பிதழ் மாற்றும்போதே சரியாக இருந்தது, அதனால் சரியாகவே போய்ச் சேர்ந்தது. உடைந்ததை மாற்றினால் உடைந்தபடியேதான் உறையும். அதற்கப்புறம் திருத்தவும் முடியாது.

அந்தப் பேனரில் எழுத்துரு மேல் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நாலு எழுத்துருவும் ஒரே மாதிரி உடைந்ததே, அதுதான் துப்பு. யூனிகோடில் “தை” என்றால் முதலில் த, பிறகு இணைக்கொம்பு என்ற வரிசையில்தான் பதிவாகிறது. திரையில் கொம்பை முன்னால் தூக்கி வைப்பதும், “போ”வின் குறியை இரண்டாகப் பிரித்து இருபுறமும் நிறுத்துவதும் மென்பொருளுக்குள் இருக்கும் எழுத்துக் கோக்கும் பகுதியின் வேலை. எழுத்துரு வடிவங்களையும் விதிகளையும் கொடுக்கும், அவ்வளவுதான். கேட்க ஆளில்லை என்றால் எழுத்துரு என்ன செய்யும்?

இதே பள்ளத்தில் நானும் விழுந்திருக்கிறேன். ஒரு கோயில் கும்பாபிஷேக மலர், எழுபது பக்கம். ஆங்கிலப் புத்தகத்துக்குச் செய்து வைத்திருந்த பழைய கோப்பின் மேலேயே தமிழைக் கொட்டினேன். எல்லாம் சிதறியது. ராத்திரி இரண்டு மணி வரை எழுத்துரு மாற்றிக்கொண்டிருந்தேன். மறுநாள்தான் புரிந்தது, பத்தி அமைப்பில் ஒரே ஒரு தேர்வை மாற்ற வேண்டியிருந்தது. `InDesign` என்றால் பத்திப் பலகையின் மெனுவில் `Adobe World-Ready Paragraph Composer`. `Illustrator` என்றால் முதலில் விருப்ப அமைப்பில் `Type` பகுதிக்குப் போய் `Show Indic Options` என்பதை இயக்க வேண்டும், அப்புறம் பத்திப் பலகையில் அதற்கான தேர்வு தெரியும். எழுத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு மாற்றச் சொல்லுங்கள்.

அன்றிலிருந்து எது உடைந்தாலும் முதலில் அதே வாசகத்தை, அதே எழுத்துருவில், நோட்பேடில் ஒட்டிப் பார்ப்பேன். அங்கே சரியாக வந்தால் குற்றம் வடிவமைப்பு மென்பொருளில். அங்கேயும் உடைந்து, வேறு எழுத்துருவில் சரியானால் குற்றம் எழுத்துருவில். எந்த எழுத்துருவிலும் சரியாகவில்லை என்றால் தட்டச்சு செய்த ஆளைத்தான் தேட வேண்டும்.

ஆறாம் வகுப்பு டீச்சர்

எனக்கும் இதே பிரச்சினைதான்! பழைய தேர்வுத்தாள் கோப்பைத் திறந்தால் தமிழே இல்லை, ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறது. எழுத்தை மாற்றித் தரும் மென்பொருள் ஒன்றில் போட்டு யூனிகோட் ஆக்கினேன். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தலைப்பைப் பெரிதாக்கினால் “மாணவர்” என்பதில் கடைசி எழுத்து என்னவோ போல் நிற்கிறது. எழுத்துருவை மாற்றினால் ஒன்றில் புள்ளி வட்டம் வருகிறது, ஒன்றில் வரவில்லை. இதற்கும் அந்த ‘வேர்ல்ட் ரெடி’ போட வேண்டுமா சார்?

செந்தூல் அச்சு

இல்லை டீச்சர், உங்களுடையது வேறு வியாதி. அந்தக் கோப்பில் கண்ட்ரோல் எஃப் போட்டு “மாணவர்” என்று நீங்களே புதிதாகத் தட்டித் தேடிப் பாருங்கள்.

ஆறாம் வகுப்பு டீச்சர்

ஒன்றுகூட வரவில்லை! பக்கம் முழுக்க மாணவர்கள்தான் இருக்கிறார்கள்.

செந்தூல் அச்சு

அதேதான். தட்டச்சுப்பொறிக் காலத்துப் பழக்கத்தில் பலர் ரகரத்துக்குப் பதில் துணைக்காலைப் போட்டு, மேலே புள்ளி வைத்துவிடுவார்கள். சின்ன அளவில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அந்த மென்பொருளும் இருந்ததை அப்படியே மாற்றிவிட்டது. ஆக உங்கள் கோப்பில் இருப்பது “மாணவா்”. தலைப்பளவுக்குப் பெரிதாக்கினால்தான் காலடியில் ரகரத்தின் சாய்ந்த கீற்று இல்லாதது தெரியும். சில மென்பொருள் புள்ளி வட்டம் போட்டுக் காட்டிக்கொடுக்கும், சிலது கண்டுகொள்ளாது. கால், புள்ளி இரண்டையும் சேர்த்துத் தேடி, ர், அதாவது முறையான ரகர மெய்யாக, ஒரேயடியாக மாற்றிவிடுங்கள். தமிழில் துணைக்கால் மேல் புள்ளி வர வேலையே இல்லை, அதனால் பயமில்லாமல் மாற்றலாம்.

மலையடிவாரம்

சார், அப்படியானால் எழுத்துரு எதுவாக இருந்தாலும் பரவாயில்லையா?

செந்தூல் அச்சு

அப்படிச் சொல்ல மாட்டேன். எழுத்துருவில் சறுக்குகிற இடம் உகர ஊகாரங்கள். ஆகாரத்துக்கு எல்லா எழுத்தோடும் ஒரே கால் போதும். உகரத்துக்கு அது நடக்காது. பு, சு நேரே கீழே இறங்கும், கு, மு சுழிக்கும், து, று வலப்புறம் வளைந்து ஏறும். பதினெட்டு மெய்க்கும் குறில், நெடில் என்றால் முப்பத்தாறு வடிவம், ஒவ்வொன்றையும் தனியாக வரைய வேண்டும். அலங்கார எழுத்துருவில் அடிக்கடி வருவதை அழகாக வரைந்துவிட்டு மற்றதை அவசரத்தில் ஒட்டிவிடுவார்கள். அதனால் நான் இந்த வரியைப் போட்டுப் பார்ப்பேன்:

```
கோலாலம்பூர் ஜொகூர் இருநூறு ஞாயிறு
பௌர்ணமி லக்ஷ்மி ஸ்ரீ தண்ணீர்மலை
```

ஊர்ப்பெயர்களிலேயே பாதிச் சோதனை முடிந்துவிடுகிறது. “நூறு”வில் இரண்டு வளைவும் ஒரே சாயலில் இருக்கிறதா, “பௌ” மூன்று துண்டாகத் தெரியாமல் ஒரே எழுத்தாக நிற்கிறதா, “ண்ணீ”யில் புள்ளியும் மேல் சுழியும் முட்டிக்கொள்கிறதா என்று பார்க்கலாம்.

அடுத்து கனம். தலைப்பைத் தடிமனாக்க எல்லாரும் பி பொத்தானை அமுக்குவார்கள். எழுத்துருவில் தடித்த வடிவம் இல்லை என்றால் சில மென்பொருள்கள் தாமாகவே ஓரத்தைப் பூசிவிடும். ணகரத்தின் சுழிக்குள் மை அடைத்துக்கொள்ளும், புள்ளி எழுத்தோடு ஒட்டிவிடும். உண்மையாக வரைந்த தடித்த எழுத்தில் சுழியின் உள்வெளி நிலைக்கட்டும் என்று எழுத்தையே அகலமாக்கியிருப்பார்கள். `Mukta Malar`-இல் 200 முதல் 800 வரை ஏழு கனங்கள் உண்டு, `Catamaran`-இல் 100 முதல் 900 வரை ஒன்பது. பேனருக்கு நான் அந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுப்பேன். உள்பக்கத்துக்கு `Noto Serif Tamil`, 11 புள்ளி அளவு, வரிக்கு வரி 17. `Meera Inimai` கண்ணுக்கு இதமாக இருக்கும், ஆனால் ஒரே கனம்தான், தலைப்புக்குத் தடிமனாக்கக் கூடாது.

இன்னொன்று. மலாய் வரியை அகலமாகக் காட்ட எழுத்து இடைவெளியைக் கூட்டுவார்கள், அதையே தமிழ் வரிக்கும் இழுத்துவிடுவார்கள். அப்போது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் விலகி நிற்கும். தமிழ் வரிக்கு மட்டும் சுழியத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

வலைநெசவு

நான் கோலாலம்பூரில் இணையப் பக்கங்கள் செய்கிறேன். எங்களுக்கு வரிசை உடைவதில்லை, உலாவி பார்த்துக்கொள்ளும். எங்கள் தொல்லை வரி உயரம். ஆங்கிலத் தலைப்புக்கு 1.1 வைத்திருப்பார்கள். தமிழ் வந்ததும் மேல்வரியின் “பூ” வால் கீழ்வரியின் “கீ” சுழியை இடிக்கும், சில பெட்டிகளில் தலை வெட்டுப்படும். ஒரு வாடிக்கையாளர் “உங்கள் தமிழுக்குத் தலைமுடி வெட்டிவிட்டீர்கள்” என்றே சொன்னார். இப்போது எல்லாப் பக்கத்திலும் இதைப் போட்டுவிடுகிறேன்:

```css
:lang(ta) {
  font-family: "Noto Serif Tamil", serif;
  line-height: 1.7;
  font-synthesis: none;
}
```

கடைசி வரி அந்தப் பொய்த் தடிமனை உலாவி உண்டாக்காமல் தடுக்கும். பொய்ச் சாய்வையும்தான். பக்கத்தில் `lang="ta"` என்று குறிக்காவிட்டால் எதுவும் வேலை செய்யாது, நானே இரண்டு முறை மறந்திருக்கிறேன். தலைப்புக்கு 1.7 அதிகம், 1.4 போதும் என்பது என் எண்ணம்.

பட்டர்வொர்த் பெரியவர்

எல்லாம் சரி. “மலை” என்று எழுதினால் அந்தக் காலத்து தும்பிக்கை வைத்த லை வர எந்த எழுத்துரு? கோயில் பேனருக்கு அதுதான் லட்சணம். 1978-இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது போனது, இன்னும் மனசு கேட்கவில்லை.

நாசிகண்டார் பிரியன்

தாத்தா, அதைப் போட்டால் எங்கள் வயசுப் பிள்ளைகள் படிக்கத் தெரியாமல் முழிப்போம்.

செந்தூல் அச்சு

ஐயா, தட்டச்சில் எந்த மாற்றமும் வேண்டாம், வாசகம் அதேதான். பழைய வடிவத்தை வரைந்து வைத்திருக்கும் எழுத்துருவை மாட்டினால் தும்பிக்கை வந்துவிடும். ஆனால் லை, ளை, னை, ணை நாலும் அதில் பழையபடி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். “பக்தர்களை” ஒரு விதமாகவும் “தண்ணீர்மலை” ஒரு விதமாகவும் வந்தால் அசிங்கம்.

மலையடிவாரம்

இன்று கடைக்கே போய்த் தம்பி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். மெனுவைத் தேட பத்து நிமிடம், மாற்ற ஒரு நொடி. இணைக்கொம்பு தானாக முன்னால் ஓடி வந்தது, “அன்போடு” சேர்ந்துகொண்டது. தம்பி “ஓ, முன்னாடிதான் வரணுமா?” என்றான். `Catamaran` 800, இடைவெளி சுழியம். அவனே அடுத்த வருடத்துக்கு ஒரு வெற்றுக் கோப்பாகச் சேமித்துக்கொண்டான்.

ஒன்று மட்டும் பாக்கி. எங்கள் குழுப் பெயரில் இருக்கும் “ஸ்ரீ” செயலாளர் அனுப்பிய கடிதத்தில் ஶ் போட்டு எழுதியிருக்கிறது, நான் தட்டியது ஸ் போட்டு. திரையில் இரண்டும் ஒரே உருவம், தேடினால் இரண்டும் வேறு. செயலாளர் அவருடையதுதான் சரி என்கிறார்.

செந்தூல் அச்சு

அந்த ஶகரம் யூனிகோடில் 2005-இல்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய கோப்புகளில் ஸ்தான் இருக்கும். பேனருக்கு எதுவானாலும் ஒன்றுதான். உறுப்பினர் பட்டியலில் தேடப்போகிறீர்கள் என்றால் ஏதாவது ஒன்றை முடிவு செய்யுங்கள். எதை என்று செயலாளரிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள், நான் அதில் வரவில்லை.