கால் ஆப்ஷன் விலையின் கீழ் எல்லை: என் கணக்கில் எங்கே தப்பு?

வணக்கம் நண்பர்களே, ஒரு சந்தேகம். மேல் எல்லை புரிந்துவிட்டது. பங்கு 500 ரூபாய், அதன் கால் 520 என்றால், காலை விற்று அந்தக் காசிலேயே பங்கை வாங்கினால் 20 ரூபாய் கையில் மிஞ்சும். எக்ஸ்பைரியில் எதிராளி கேட்டால் பங்கைக் கொடுத்து ஸ்ட்ரைக் தொகையை வாங்கிக்கொள்ளலாம், கேட்காவிட்டால் பங்கு நமக்கே. கால் என்பது காசு கொடுத்து அந்தப் பங்கை வாங்கும் உரிமைதானே, பங்கைவிட அதிகம் பெற வழியே இல்லை.

சிக்கல் கீழ் எல்லையில். பங்கு 500, ஸ்ட்ரைக் 400, மூன்று மாதம், அதற்கு வட்டி 2%. 400-இன் இன்றைய மதிப்பு சுமார் 392, அதனால் கால் 108-க்குக் கீழே போகக் கூடாது. ஆனால் திரையில் கடைசியாக நடந்த விலை 103! பங்கை ஷார்ட் செய்து, காலை வாங்கி, மீதி 397-ஐ வட்டிக்கு விட்டால் அது கிட்டத்தட்ட 405 ஆகும், பங்கைத் திரும்ப வாங்க அதிகபட்சம் 400 போதும், ஆக குறைந்தது 5 ரூபாய் லாபம்.

இடையில் டிவிடெண்ட் வந்தால் ஷார்ட் செய்தவர்தான் அதைக் கட்ட வேண்டும், அப்போது எல்லையும் இறங்கும், சரி. ஆனால் இந்தப் பங்குக்கு அப்படி அறிவிப்பு எதுவும் இல்லை. அப்புறம், 103 என்பது காலையில் நடந்த பழைய டிரேடா, இப்போது விற்பவர் கேட்கும் விலையைத்தான் பார்க்க வேண்டுமா? இல்லை, மூன்று மாதத்துக்குப் பங்கைக் கடன் வாங்கும் கட்டணமே அந்த 5 ரூபாயைத் தின்றுவிடுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.