சிங்கப்பூர் கடைப் பலகைப் படம்: வங்கிக்கு அனுப்பினால் லாபமா, ரொக்கமாக எடுத்தால் லாபமா?

தேவகோட்டைக்காரி

வணக்கம். எங்க வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டுமான வேலையில் இருக்கிறார். மாதம் 400 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், அனுப்புவார். இந்த மாதம் 1,000 அனுப்ப வேண்டும். வளவுக்கு மேல் ஓடு சரிந்து மழைத்தண்ணீர் உள்ளே இறங்குகிறது. கொத்தனார் முன்பணம் கேட்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைப் பக்கம் போனவர், பணம் அனுப்பும் கடையின் பலகையை மத்தியான வெயிலில் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கிறார். "எது லாபம்னு நீயே கணக்குப் போட்டுச் சொல்லு" என்கிறார். படத்தில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன்.

மேல் பாதியில் பல நாட்டு நோட்டுகளின் ரேட். அதில் INR என்ற வரிசையில் 100 என்றும், WE BUY 1.42, WE SELL 1.58 என்றும் இருக்கிறது. கீழ்ப் பாதியில் இந்தியாவுக்குப் பணம் அனுப்ப இரண்டு வழி போட்டிருக்கிறார்கள். வங்கிக் கணக்குக்கு என்றால் ரேட் 65.20, கட்டணம் 8 வெள்ளி. ஊரில் ரொக்கமாக எடுக்க என்றால் ரேட் 64.10, கட்டணம் 3 வெள்ளி.

கட்டணம் 3 வெள்ளிதானே, ரொக்கமே லாபம் என்பது அவர் எண்ணம். எனக்கு அந்த ரேட் உதைக்கிறது. மேலே உள்ள 1.42, 1.58 எதற்கு என்றும் விளங்கவில்லை. யாராவது சொல்லுங்கள்.

கல்லல் தம்பி

அக்கா, கட்டணத்தை மட்டும் பார்க்கக் கூடாது, ரேட்டிலும் கடைக்காரருக்கு வரும்படி உண்டு. நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான். அண்ணன் வெள்ளியைக் கொடுக்கிறார், கடை அதை வாங்குகிறது. அப்படியென்றால் WE BUY வரிசையைத்தான் பார்க்க வேண்டும். 100 ரூபாய்க்கு 1.42 வெள்ளி என்றால் ஒரு வெள்ளிக்கு 70 ரூபாய் 42 காசு. அவர்கள் தருவது 65. ஒரு வெள்ளிக்கு 5 ரூபாய்க்கு மேல் அடிக்கிறார்கள். வேறு கடை பார்க்கச் சொல்லுங்கள்.

முன்னாள் கவுன்ட்டர்

தம்பி, ரேட்டிலும் வரும்படி இருக்கிறது என்பது வரை சரி. வரிசையைத்தான் மாற்றிப் படித்துவிட்டீர்கள். நான் சிங்கப்பூரில் இப்படி ஒரு கவுன்ட்டரில் வேலை பார்த்துவிட்டு இப்போது காரைக்குடியில் இருக்கிறேன். பலகையில் எந்தப் பணத்தின் பெயர் எழுதியிருக்கிறதோ, வாங்குவதும் விற்பதும் அந்தப் பணத்தைத்தான். INR வரிசையில் WE BUY என்றால் கடை ரூபாய் நோட்டை வாங்கும் விலை. நாம் 100 ரூபாய்த் தாளை நீட்டினால் 1.42 வெள்ளி தருவார்கள். ரூபாய்த் தாள் நமக்கு வேண்டுமென்றால் 1.58 கொடுக்க வேண்டும், அதாவது வெள்ளிக்கு 63 ரூபாய் 29 காசு. இரண்டுமே கையில் மாறும் தாளுக்கான விலை. பணம் அனுப்ப அந்த வரிசை பயன்படாது, அதை மறந்துவிடலாம்.

தங்கச்சி, கணக்குப் போடுமுன் ஒரு சந்தேகம். அந்த 64.10 உண்மையிலேயே 64.10 தானா? ஒரே கடையில் இரண்டு வழிக்கும் நடுவே ஒரு ரூபாய் 10 காசு இடைவெளி எனக்கு அதிகமாகத் தெரிகிறது. அந்தப் பலகை சிவப்பு விளக்குக் கோடுகளால் ஆனதா?

தேவகோட்டைக்காரி

ஆமாம் அண்ணே, பழைய கால்குலேட்டரில் வருவது போல ஏழு கோட்டு எண்கள். இரண்டு மூன்று எண்கள் மங்கலாக இருக்கின்றன. பெரிதாக்கிப் பார்த்தாலும் 1 என்றுதான் தெரிகிறது.

முன்னாள் கவுன்ட்டர்

அங்கேதான் சிக்கல். அந்தக் கோடுகள் தொடர்ந்து எரிவதில்லை. மாறி மாறி மிக வேகமாக எரிந்து அணையும். கண்ணுக்கு அது தெரியாது. நல்ல வெயிலில் போன் கேமரா கண்சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவாகத் திறந்து மூடும். அந்தக் கணத்தில் அணைந்திருந்த கோடு படத்தில் விழாது. 7க்கு மேல் உள்ள படுக்கைக் கோடு விழாமல் போனால் அது 1 ஆகிவிடும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். எரிகிற கோடு படத்தில் விடுபடலாம், இல்லாத கோடு புதிதாக முளைக்காது. அதனால் எல்லாக் கோடும் எரியும் 8ஐ நம்பலாம். 1ஐத்தான் நம்பவே கூடாது, அது 7 ஆகவோ 4 ஆகவோ 9 ஆகவோ இருக்கலாம். கட்டணம் 3 என்பதும் 9 ஆக இருக்க வாய்ப்புண்டு. அவரிடம் பழைய ரசீது இருந்தால் கட்டணத்தைச் சரிபாருங்கள். ரேட்டுக்கு, அந்தப் பக்கம் இருக்கும் யாரையாவது பலகையை நாலைந்து நொடி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு நொடியில் விடுபட்ட கோடு அடுத்த நொடியில் தெரிந்துவிடும். வெயில் இறங்கிய பிறகு எடுத்தால் இன்னும் நல்லது.

பள்ளத்தூர் ஐயா

என் மகனும் அங்கேதான் இருக்கிறான். அவன் கடைக்கே போவதில்லை, அவனுடைய வங்கியிலிருந்து நேராக என் கணக்குக்கு 1,000 வெள்ளி அனுப்பினான். எனக்கு விழுந்தது 62,400 சில்லறை. அன்றைய ரேட் 65க்குக் குறையாது என்று அவன் சொல்கிறான். அனுப்பக் கட்டணம் தனியாகக் கட்டியும் இவ்வளவு குறைந்தது ஏன்? ஐ.ஓ.பி. 1937ல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊரிலும் ஒரே நாளில் கிளை திறந்ததே இந்தக் கடல் கடந்த வரவு செலவுக்காகத்தான். அப்போதிருந்தே நம் ஊருக்குப் பழக்கமான வேலை, இப்போது ஏன் இவ்வளவு குழப்பம்?

முன்னாள் கவுன்ட்டர்

ஐயா, உங்கள் விஷயம் வேறு மாதிரி. தங்கச்சி சொல்லும் கடையில் வெள்ளி அங்கேயே ரூபாயாக மாறி, ரசீதிலேயே ரூபாய்த் தொகை அச்சாகி வரும். உங்கள் மகன் வெள்ளியாகவே அனுப்பியிருந்தால் இங்கே உங்கள் வங்கிதான் மாற்றியிருக்கும், அதன் சொந்த ரேட்டில். மாற்றியதற்கு ஜி.எஸ்.டி. உண்டு. ஒரு லட்சம் ரூபாய் வரை, மாற்றும் தொகையில் 1 சதவீதத்தை எடுத்து அதன்மேல் 18 சதவீதம். உங்களுக்கு அது நூறு ரூபாய்க்குச் சற்று மேல்தான் வரும். மீதி போனது உங்கள் வங்கி போட்ட ரேட்டிலா, நடுவில் கைமாற்றிய வங்கி பிடித்ததிலா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. கிளையில் அந்த வரவுக்கான விவரச் சீட்டைக் கேளுங்கள், எந்த ரேட்டில் மாற்றினார்கள் என்று அதில் இருக்கும். மகனின் ரசீதில் SHA என்று இருக்கிறதா, OUR என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். SHA என்றால் நடுவில் பிடிப்பது உங்கள் தலையில் விழும்.

தேவகோட்டைக்காரி

அண்ணே, நீங்கள் சொன்னது சரி. அவருடைய நண்பர் சாயந்திரம் வீடியோ எடுத்து அனுப்பினார். ரொக்கத்துக்கு 64.70. மற்ற எண்கள் மத்தியானப் படத்தில் இருந்தபடியே இருக்கின்றன. கட்டணம் 3 என்பது போன மாத ரசீதிலும் இருக்கிறது.

முன்னாள் கவுன்ட்டர்

இப்போது கணக்குப் போடலாம். அவர் கையிலிருந்து மொத்தம் போகும் வெள்ளியை வைத்துக்கொள்ளுங்கள். அதில் கட்டணத்தைக் கழித்து, மீதியை ரேட்டால் பெருக்குங்கள். ஊரில் விழும் ரூபாய் அதுதான், அதை மட்டும் ஒப்பிட்டால் போதும்.

மொத்தம் 400 வெள்ளி என்றால், வங்கிக்கு 392ஐ 65.20ஆல் பெருக்க 25,558 ரூபாய். ரொக்கத்துக்கு 397ஐ 64.70ஆல் பெருக்க 25,685 ரூபாய். ரொக்கமே 127 ரூபாய் கூட. அதே இடத்தில் 64.10 என்று நம்பியிருந்தால் ரொக்கத்துக்கு 25,447 தான் வரும், வங்கியே மேல் என்று தலைகீழாக முடிவு செய்திருப்பீர்கள்.

1,000 வெள்ளிக்கு வங்கியில் 64,678, ரொக்கத்தில் 64,505. இங்கே வங்கி 173 ரூபாய் மேல். கட்டணத்தில் உள்ள 5 வெள்ளி வித்தியாசம் தொகை கூடினாலும் அப்படியே நிற்கும், ரேட்டில் உள்ள 50 காசு ஒவ்வொரு வெள்ளிக்கும் கூடிக்கொண்டே போகும். இந்தப் பலகைப்படி 655 வெள்ளியில் இரண்டும் சமம். அதற்குக் கீழே ரொக்கம், மேலே வங்கி. பலகை மாறினால் இந்த 655ம் மாறும்.

கண்டனூர் அக்கா

நான் காரைக்குடியில் ரொக்கமாக எடுத்துப் பழகியவள். ஒன்று சொல்லவில்லையே! கவுன்ட்டரில் எடுக்கும் பணத்துக்கு ரிசர்வ் வங்கி வைத்த வரம்பு உண்டு. ஒரு முறைக்கு 50,000 ரூபாய் வரைதான் கையில் தருவார்கள். அதற்கு மேல் வந்தால் கணக்கில் போடுவார்கள் அல்லது காசோலை தருவார்கள். 64,505 ரூபாயை மொத்தமாக எடுத்து கொத்தனாரிடம் கொடுக்க முடியாது.

அப்புறம் பெயர். அங்கே ரசீதில் எழுதும் பெயர் உங்கள் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். ஒரு முறை என் பெயருக்குப் பின்னால் வீட்டுக்காரர் பெயரைச் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். ஆதாரில் இனிஷியல் மட்டும்தான். அங்கே திருத்திய பிறகுதான் இங்கே பணம் கிடைத்தது.

கல்லல் தம்பி

அப்படியென்றால் 500, 500 என்று இரண்டாகப் பிரித்து ரொக்கமாக அனுப்பலாமே?

முன்னாள் கவுன்ட்டர்

அக்கா சொன்ன வரம்பை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், நன்றி. தம்பி, பிரித்தால் கட்டணம் இரண்டு முறை. 994ஐ 64.70ஆல் பெருக்கினால் 64,311. ஒரே தடவை வங்கிக்கு அனுப்புவதைவிட 367 ரூபாய் குறைவு. கொத்தனாருக்குப் பாதி இன்றே ரொக்கமாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் தவிர அதில் பொருளில்லை.

பலகையில் இல்லாத இன்னொரு வழியையும் அவர் பார்க்கட்டும். 2023 பிப்ரவரியிலிருந்து, போனிலேயே பணம் அனுப்பும் சிங்கப்பூரின் பேநவும் நம் யு.பி.ஐ.யும் இணைந்திருக்கின்றன. ஒரு நாளைக்கு 60,000 ரூபாய் வரைதான், எல்லா வங்கியிலும் இல்லை. அவருடைய வங்கிச் செயலியில் இருந்தால், உறுதி செய்யும் முன் 400 வெள்ளிக்கு அதில் காட்டும் ரூபாய்த் தொகையை மேலே உள்ள 25,685ஓடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

தேவகோட்டைக்காரி

இந்த மாதம் 1,000 வங்கிக்கே அனுப்பச் சொல்லிவிட்டேன். கொத்தனாரும் கணக்கில் வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். மாதாமாதம் வரும் 400க்கு, ரொக்கம் எடுக்க காரைக்குடிக்குப் போய்வரும் பேருந்துச் செலவையும் அரை நாளையும் சேர்த்துப் பார்த்தால் அந்த 127 ரூபாய் மிஞ்சுமா என்று யோசிக்கிறேன். தேவகோட்டையிலேயே தரும் இடம் உண்டா அக்கா?

கண்டனூர் அக்கா

இருக்கும் என்றுதான் நினைக்கிறேன், விசாரித்துச் சொல்கிறேன். எந்த நிறுவனம் வழியாக வருகிறது என்று ரசீதில் இருக்கும், அந்தப் பெயரை மட்டும் அனுப்புங்கள்.

பள்ளத்தூர் ஐயா

கிளையில் கேட்டேன். விவரச் சீட்டு தலைமை அலுவலகத்திலிருந்து வர வேண்டுமாம், அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். மகனின் ரசீதில் SHA என்றுதான் இருக்கிறது.