ஒரே ஜோடிகிட்ட ரெண்டு தடவ தோத்து வீட்டுக்கு வந்த கதை

குளச்சல் ஸ்ட்ரைக்கர்:
சர்ச் திருவிழா கேரம் டபுள்ஸ், டபுள் எலிமினேஷன், ரெண்டு தடவ தோத்தாதான் வெளிய. 6 ஜோடி, 8 ஜோடிக்கான சார்ட். முதல் ரவுண்டு ஆடாமலே போற பை ரெண்டு, போன வருஷ வின்னருக்கும் ரன்னருக்கும். முதல் ஆட்டத்துல திக்கணங்கோடு ஜோடிகிட்ட தோத்தோம். தோத்தவங்க ஆடுற கீழ் பக்கம் போனா எதிர்ல ஆளே இல்ல. ரெண்டு மணி நேரம் டீ குடிச்சோம். அப்புறம் வந்து உக்காந்தது யாருன்னா அதே திக்கணங்கோடு ஜோடி, வின்னர்கிட்ட தோத்துட்டு! கடைசி போர்டுல சிவப்பு போட்டுட்டேன், கவர் காய் குழி ஓரத்துல ஆடி நின்னுச்சு. சிவப்ப எடுத்து நடுவுல வெச்ச அவன் விரல் இப்பவும் கண்ணுல நிக்குது.

தக்கலை அண்ணாச்சி:
சார்ட் எழுதினவன் தப்பு தம்பி. பை வாங்கினவன் தோக்கலையே, அதனால கீழ் பக்கம் முதல் ரவுண்டுல அந்த இடம் காலி. நீங்க ஆடாமலே அடுத்த ரவுண்டுக்குப் போயிட்டீங்க. அங்க மேல் பாதி செமில தோத்தவன மேல் பாதியிலேயே இறக்கிட்டாங்க. மாத்திப் போடணும். வின்னர் இருக்குற பாதியில தோத்தவன், ரன்னர் பாதியில முதல்ல தோத்தவங்ககூட ஆடணும். அப்போ உங்களுக்கு ரன்னர் பக்கம் செமில தோத்த ஜோடி வந்திருக்கும்.

மார்த்தாண்டம் பாய்ஸ்:
மாத்தினாலும் அடுத்த ரவுண்டுல அதே ஆள் வரலாமே அண்ணே? பை இருந்தா ஆட்டம் குறையும்னு 6 டீமே போடுறாங்க, மொத்தம் 8 ஆட்டந்தான் வரும்.

தக்கலை அண்ணாச்சி:
வரலாம். ஒரு ஆட்டம் ஜெயிச்ச பிறகு வந்தா பரவால்ல. 8 ஆட்டம் தப்பு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு தோல்வி. வெளிய போற 5 ஜோடியும் ரெண்டு தடவ தோக்கணும், 10. ஃபைனல்ல தோக்காத ஜோடி தோத்தா இன்னொண்ணு, 11.

கபடி மாமா, கருங்கல்:
அந்த 11-ஆவதுதான் எங்கள கவுத்துச்சு. தோக்காம ஃபைனல் வந்தோம், தோத்தோம். கீழேருந்து வந்தவனுக்குக் கோப்பையக் குடுத்துட்டாங்க. கேட்டா மணி ஒண்ணரை ஆச்சு, லைட்டுக்காரன் போணுமாம்.

மார்த்தாண்டம் பாய்ஸ்:
அதுல என்ன தப்பு மாமா? ஃபைனல்னா ஒண்ணுதான். அவங்க அன்னைக்கு எத்தனை ஆட்டம் கூட ஆடி வந்திருப்பாங்க, காலு தேஞ்சிருக்கும்.

கபடி மாமா, கருங்கல்:
அவனுக்கு ரெண்டு உயிரு, எனக்கு மட்டும் ஒண்ணா?

பவுடர் டப்பா:
குளச்சல் ஆளு, போர்டு கடல் காத்துல இருந்துச்சா? அதான் காய் நின்னுருக்கும். எங்க மொட்ட மாடியிலயும் அதே கதை. போரிக் பவுடர் ஈரம் பட்டா கட்டியாவும். டப்பாவ இறுக்கி மூடு. ஆடுறதுக்கு முன்னாடி போர்டக் காஞ்ச துணியால தொடச்சு, மெல்லிசா தூவி, நாலு மூலைக்கும் ஸ்ட்ரைக்கர ஓட்டிப் பாரு. எங்க இழுக்குதுன்னு தெரியும். நிறைய தூவினாலும் நிக்கும்.

குளச்சல் ஸ்ட்ரைக்கர்:
ஹால்ல நடந்துச்சுங்க. ஃபேன் கூட ஓடல.