received_at: வரவு நேரமா, பதிவு நேரமா?

செல்வி: ஆப்ஷன் விலைகளை வெப்சாக்கெட் வழியாக வாங்கித் தரவுத்தளத்தில் சேமிக்கும் நிரலுக்குக் கையேடு எழுதுகிறேன். ஒவ்வொரு பதிவிலும் சந்தை இட்ட நேரம் ஒன்று, நம் கணினி இட்ட நேரம் ஒன்று. முன்னதை 'நிகழ்நேரம்', பின்னதை 'வரவு நேரம்' எனலாமா?

மாணிக்கம்: 'நிகழ்நேரம்' வேண்டாம். உடனுக்குடன் என்ற பொருளில் அது எப்போதோ நிலைத்துவிட்டது. 'நிகழ்நேரத் தரவின் நிகழ்நேரம்' என்று எழுத நேர்ந்தால் நீங்களே சிரிப்பீர்கள். 'வரவு' என்றாலோ கூடவே செலவைத் தேடுவார்கள். 'வருகை நேரம்' போதும்.

பஷீர்: இவ்வளவு சொற்கள் எதற்கு? வலைத் தாமதம் சில மில்லிவினாடிதான். நான் இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டேன்:

```sql
received_at timestamptz DEFAULT now()
```

லலிதா: வலையைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அந்த வரி தருவது வருகை நேரம் அல்ல. போஸ்ட்கிரெஸில் `now()` பரிவர்த்தனை தொடங்கிய நேரத்தையே தரும்; ஒரே தொகுப்பில் ஐந்நூறு பதிவுகளை எழுதினால் ஐந்நூறுக்கும் ஒரே நேரம். `clock_timestamp()` போட்டாலும் அது எழுதிய நேரமே.

கற்பனையாக ஒரு கணக்கு. 1000 ஸ்டிரைக் கால் ஆப்ஷன், விலை 20, டெல்டா 0.5. அந்த விலை 10:15:02-க்கு வருகிறது. அப்போது பங்கு 1000. வரிசையில் காத்துக் கிடந்து 10:15:05-க்கு எழுதப்படுகிறது. பங்கு விலை தனி இணைப்பில் தாமதமின்றி வருகிறது; 10:15:05-இல் அது 1006. பிறகு நேரத்தை வைத்து இணைத்தால், 20 என்ற பழைய விலை 1006-உடன் சேர்கிறது. அந்தப் பங்கு விலைக்கு ஆப்ஷன் ஏறத்தாழ 23 இருந்திருக்க வேண்டும். ஆகவே உள்ளுறை ஏற்ற இறக்கம் பொய்யாகக் குறைந்து தெரியும். அதே ஸ்டிரைக்கின் புட் பக்கம் அது பொய்யாக உயரும். சந்தை பரபரப்பாகும்போதெல்லாம் இரண்டும் இப்படி எதிரெதிராகப் பிரிந்தால், முதலில் நேரத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

செய்தி கைக்கு வந்ததும், வரிசையில் போடுவதற்கு முன்பே, நிரல் நேரத்தை இட வேண்டும். அதுதான் வருகை நேரம். தரவுத்தளம் இடுவது 'பதிவு நேரம்'. இரண்டையும் வைத்துக்கொண்டால், வித்தியாசமே வரிசை எவ்வளவு தேங்கியது என்று சொல்லிவிடும்.

ரவி: எனக்கு இணைப்பே அடிக்கடி அறுந்துவிடுகிறது. அதற்கும் சொல் வேண்டுமா?

லலிதா: செய்தி வாங்கும் இடத்திலேயே தரவுத்தளத்தில் எழுதுகிறீர்களா? எழுதி முடியும்வரை நிரல் பிங்குக்குப் பதில் தராது, சேவையகம் துண்டித்துவிடக்கூடும். எழுதுவதைத் தனி வேலையாகப் பிரித்துப் பாருங்கள்.

செல்வி: வருகை நேரம், பதிவு நேரம் இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். சந்தை இட்டதற்கு 'சந்தை நேரம்'?

மாணிக்கம்: சந்தை திறந்திருக்கும் நேரம் என்றுதான் வாசகர் நினைப்பார். 'சந்தை முத்திரை' எப்படி?

லலிதா: சொல்லுக்கு முன் அந்தப் புலத்தைப் பாருங்கள். சில சேவைகள் அதில் கடைசி வர்த்தக நேரத்தை அனுப்புகின்றன. வர்த்தகம் குறைந்த ஆப்ஷனில் அது ஒரு மணி நேரம் பழையதாக இருக்கலாம். வாங்கும் விலையும் விற்கும் விலையும் இந்த நொடியில் மாறியவையாக இருக்கும். உங்கள் சேவை அனுப்புவது எது?

செல்வி: ஆவணத்தில் வெறுமனே `timestamp` என்றுதான் இருக்கிறது. கேட்டு எழுதியிருக்கிறேன்.