பத்துப் பேர் ஏஜென்சி பட்ஜெட்: வருமானம் 20% விழுந்தால் எல்லாச் செலவையும் 20% வெட்டினால் போதுமா?

மஞ்சள்குடை:
பத்துப் பேர் வேலை செய்யும் விளம்பர ஏஜென்சி. அடுத்த ஆண்டு பட்ஜெட் போட்டிருக்கிறேன். தொகைகளைச் சுருக்கி விகிதமாகத் தருகிறேன். மாத பில்லிங் 10. செலவு 9: சம்பளம் 5, வாடிக்கையாளருக்காக நாங்கள் கட்டும் ஆன்லைன் விளம்பரப் பணம் 2, வாடகை, மென்பொருள் வகையறா 1.5, ஃப்ரீலான்சர்களுக்கு 0.5. கட்ட வேண்டிய வரி போக வங்கியில் 10 இருக்கிறது. வருமானம் 20% குறைந்தால் ஒவ்வொரு தலைப்பிலும் 20% வெட்டுவதாக இரண்டாவது தாள் ஒன்று. அதிலும் மாதம் 0.8 மிஞ்சுகிறது. நம்பலாமா?

பேரேடு:
நம்பாதீர்கள். முதலில் அந்த விளம்பரப் பணம் 2-ஐ இரண்டு பக்கத்திலிருந்தும் எடுங்கள். அது உங்கள் கை வழியாகப் போகும் அடுத்தவர் பணம். உங்கள் வருமானம் 8, செலவு 7. சம்பளம் பாதி என்று தெரிந்தது, இப்போது 62.5% ஆகிவிட்டது.

அடுத்து, 20% எல்லா இடத்திலும் வெட்ட வராது. வாடகை ஒப்பந்தம் முடியும்வரை அசையாது. ஆண்டுச் சந்தா கட்டிய மென்பொருள் புதுப்பிக்கும் நாளில்தான் குறையும். அந்த 1.5-இல் உடனே கைவைக்க முடிவது 0.2 தேறினால் அதிகம். வருமானமும் சீராக 20% குறையாது, ஒரு வாடிக்கையாளர் மொத்தமாகப் போவார். பெரியவர் யார், எத்தனை நாளில் பணம் தருகிறார், விளம்பரப் பணம் யாருடையது?

மஞ்சள்குடை:
பெரியவரிடமிருந்து மாதக் கட்டணம் 2.4. விளம்பரப் பணம் முழுக்க அவருடையதே. பில் போட்டு 60 நாளில் தருவார். விளம்பரத் தளத்துக்கு எங்கள் கார்டில் உடனே கட்டுகிறோம்.

தறிநாடா:
பயப்பட வேண்டாம். பேச்சுவார்த்தையில் உள்ள ப்ரபோசல்களை வாய்ப்பு சதவீதத்தால் பெருக்கி பட்ஜெட்டில் சேருங்கள். பள்ளம் நிரம்பிவிடும்.

பேரேடு:
சின்ன ப்ரபோசல் ஐம்பது இருந்தால் அந்தக் கணக்கு ஓரளவு பலிக்கும். பெரியது நான்குதான் என்றால், வந்தால் முழுசாக வரும், இல்லாவிட்டால் சுழி. கையெழுத்தானதை மட்டும் வைத்துச் செலவை முடிவு செய்யுங்கள்.

மஞ்சள்குடைக்கு: போகிற வாடிக்கையாளர் பெரும்பாலும் முதலில் பில்லைத் தள்ளிப்போடுவார். இரண்டு மாதம் பணம் வராமல், நீங்கள் வேலையும் விளம்பரமும் தொடர்ந்தால் என்னாகும்? மாதம் 9 போகும், மற்றவர்களிடமிருந்து 5.6 வரும். மாதம் 3.4 வீதம் கரைந்து, வங்கியில் 10 இருந்தது 3.2 ஆகும். அதன் பிறகு அவரை நிறுத்தினாலும் மாதம் 1.4 துண்டு விழும். இரண்டு மாதத்துக்கு மேல் தாங்காது. உங்கள் தாளில் இந்த நிலை எங்குமே தெரியவில்லை.

அதனால் முதல் எச்சரிக்கை மணியை அவருடைய பில்லின் வயதில் கட்டுங்கள். கெடு தாண்டி 15 நாள் ஆனால் விளம்பரப் பணம் கட்டுவதை அன்றே நிறுத்துவது. அந்த ஒன்றிலேயே இரண்டு மாதத்தில் 3 மிஞ்சும். அதே நாளில் ஃப்ரீலான்சர் 0.5, மென்பொருளில் 0.2, உரிமையாளர் எடுப்பதில் 0.3 நிறுத்தினால், அவர் போன பிறகு விழும் 1.4 துண்டு 0.4 ஆகச் சுருங்கும். இரண்டாவது மணி, வங்கி இருப்பு 7-க்குக் கீழே வரும்போது. அது ஒரு மாதச் செலவு. ஆள் குறைப்பு பற்றி அப்போதே முடிவெடுக்க வேண்டும். சராசரி ஆளுக்கு மாதம் 0.5. நோட்டீஸும் பாக்கியும் சேர்ந்து இரண்டு மாதச் சம்பளம் ஆனால், முதலில் 1 கையை விட்டுப் போகும், மிச்சம் தெரிவது மூன்றாம் மாதம்தான். இருப்பு 1-க்கு வந்தபின் யோசித்தால் ஆளைக் குறைக்கக்கூடப் பணம் இருக்காது.

ஈரமண்:
எங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. ஆண்டுத் தொகையை முன்பணமாக வாங்கிவிடுகிறோம், வங்கியில் எப்போதும் நிறைய இருக்கும்.

பேரேடு:
செய்து முடிக்காத வேலைக்கான பணம் அது. ஒப்பந்தம் நடுவில் முறிந்தால் திருப்பிக் கேட்பார்கள். தனிக் கணக்கில் போட்டு, மாதம் பன்னிரண்டில் ஒரு பங்கு மட்டும் எடுங்கள்.

தறிநாடா:
ப்ரபோசல் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆள் குறைப்புக்குப் பதில் எல்லோருக்கும் வாரம் நான்கு நாள் வேலை, சம்பளம் 20% குறைவு என்றால் மாதம் 1 மிஞ்சுமே? யாரும் போக வேண்டாம்.

பேரேடு:
மிஞ்சும், எல்லோரும் சம்மதித்தால். நல்ல டிசைனர்தான் முதலில் வேறு வேலை தேடுவார். ஆறு வாரப் பள்ளம் என்றால் நான்கு நாள், ஆறு மாதம் என்றால் ஆள் குறைப்பு என்பேன். எது என்று அன்று தெரியாது, அதுதான் சிக்கல்.

மஞ்சள்குடை:
விளம்பரத் தளத்தில் அவர்கள் கார்டையே போடச் சொல்லிக் கேட்டேன். கொள்முதல் பிரிவு மறுத்துவிட்டது. விளம்பரப் பணத்தை மட்டும் மாதம் பிறக்கும் முன் வாங்கலாமா என்று பேசப் போகிறேன். அதற்கும் மறுத்தால் மாத உச்சவரம்பை 2-லிருந்து 1 ஆக்குவதாகத் தாளில் எழுதியிருக்கிறேன்.